பாதிச் சிரிப்பில் கோணும் உதடு

கணினியில் செய்த ஒரு முகத்துக்குச் சிரிப்பு வரவழைப்பது சுலபம். ஸ்லைடரைப் பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு இழுத்தால் போதும். இழுத்து முடித்ததும் முகம் அழகாகத்தான் சிரிக்கும். சிக்கல் பாதி வழியில் இருக்கிறது. 0.5இல் நிறுத்திப் பார்த்தால் உதடு மெலிந்திருக்கும், சில சமயம் கடைவாய்ப் பக்கம் பற்கள் உதட்டைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்க்கும்.

காரணம் எளிய கணக்குதான். அந்த முகம் ஆயிரக்கணக்கான புள்ளிகளை இணைத்துக் கட்டிய ஒரு வலை. கலைஞர் முதலில் எந்த உணர்ச்சியும் இல்லாத இயல்பு முகத்தைச் செய்கிறார். அதே வலையின் புள்ளிகளை நகர்த்தி, முழுதாகச் சிரிக்கும் முகத்தையும் செய்கிறார். ஒவ்வொரு புள்ளியும் இயல்பிடத்திலிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்ற வித்தியாசத்தைக் கணினி வைத்துக்கொள்கிறது. இதற்குத்தான் பிளெண்ட் ஷேப் என்று பெயர். ஸ்லைடர் 0.5 என்றால் அந்த வித்தியாசத்தில் பாதி. ஆகவே எல்லாப் புள்ளிகளும் நேர்கோட்டிலேயே போகும்.

நிஜ உதடு நேர்கோட்டில் போவதில்லை. கன்னத் தசை இழுக்கும்போது வாயோரம் பல்வரிசையின் வளைவைத் தழுவிக்கொண்டு பின்னால் சரிகிறது. முழுச் சிரிப்பில் வாயோரம் 8 மில்லிமீட்டர் வெளியேயும் 7 மேலேயும் 6 பின்னேயும் போவதாக வைத்துக்கொள்வோம். பாதியில் கணினி அதை 3 மில்லிமீட்டர் பின்னே தள்ளிவிடும். ஆனால் வளைவின் மேல் போகும் உதடு அந்த இடத்தில் 1.5 மட்டுமே பின்வாங்கியிருக்க வேண்டும். மிச்ச 1.5 மில்லிமீட்டர்தான் பல்லுக்குள் புதைகிறது. இதற்கு 0.5இல் ஓர் இடைவடிவம் செதுக்கிச் சேர்க்கிறார்கள். அது அங்கே முழு பலத்தோடு இருந்து, இரு முனைகளை நெருங்க நெருங்கக் கரைந்துவிடும்.

இன்னொரு கோணல் இதைவிடத் தொல்லையானது. சிரிப்பு தனியாகச் சரி, வாய் திறப்பது தனியாகச் சரி. இரண்டும் சேர்ந்தால் கெடுகிறது. கணினிக்குத் தெரிந்தது கூட்டல் மட்டுமே. வாய் திறக்கும்போது அதே வாயோரம் 3 மில்லிமீட்டர் உள்ளேயும் 9 கீழேயும் 2 பின்னேயும் போகிறது என்றால், இரண்டையும் கூட்டியபின் அது இயல்பிடத்திலிருந்து 5 வெளியே, 2 கீழே, 8 பின்னே போய் நிற்கும். வாய்விட்டுச் சிரிப்பவரின் வாயோரம் இப்படித் தொங்காது. தாடை இறங்கினாலும் கன்னம் அதை மேலே பிடித்து வைத்திருக்கும். கலைஞரின் கண்ணுக்குச் சரியான இடம் 4 வெளியே, 1 மேலே, 5 பின்னே என்றால் தேவைப்படும் திருத்தம் 1 உள்ளே, 3 மேலே, 3 முன்னே. இந்த வித்தியாசத்தைத் தனி வடிவமாகச் சேமிப்பதே கரெக்டிவ்.

அது எப்போது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும்:

```
smile * jawOpen
```

ஏதாவது ஒன்று பூஜ்யமானால் திருத்தமும் பூஜ்யம். இரண்டும் பாதியானால் 0.25, அதாவது திருத்தத்தில் கால் பங்கு. சிரிக்காமல் வாயைத் திறக்கும்போது இந்தத் திருத்தம் தலையிடவே கூடாது, அதனால்தான் பெருக்கல்.

செய்முறையில் கவனம் வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு ஸ்லைடர்களையும் ஒன்றில் வைத்து, கெட்டுப்போன உதட்டைப் பார்த்துக்கொண்டே செதுக்க வேண்டும். ஆனால் சேமிப்பில் சேர வேண்டியது செதுக்கிய மாற்றம் மட்டுமே. சிரிப்பையும் தாடை இறக்கத்தையும் கழிக்காமல் முழு முகத்தையும் சேமித்துவிட்டால் அவை இரண்டாம் முறையும் கூடி, தாடை கழுத்தில் போய் நிற்கும். இந்தத் தவறு பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்பது ஒரு நல்ல காரியம்.

தெரியாமல் போவது உதட்டின் மெலிவுதான். தோல் நிறமும் பளபளப்பும் அதை மறைத்துவிடும். முகத்தைச் சாம்பல் நிறத்தில் வைத்து, முன்னிருந்தும் முக்கால் பக்கத்திலிருந்தும் பார்த்தபடி ஸ்லைடரை மெதுவாக நகர்த்த வேண்டும். மேலுதட்டின் சிவந்த பகுதி சட்டென்று குறுகினாலோ, வாயோரத்தில் மடிப்பு துள்ளினாலோ திருத்தம் போதவில்லை என்று பொருள்.

எல்லாச் சேர்க்கைக்கும் திருத்தம் செய்யப் புகுந்தால் ஆயுள் போதாது. 50 வடிவங்கள் இருந்தால் இரண்டிரண்டாகச் சேரும் வழிகள் மட்டும் 1,225. 2002இல் வந்த ‘தி டூ டவர்ஸ்’ படத்தில் பலரையும் அசத்திய கொல்லம் பாத்திரத்தின் முகத்துக்கு 675 வடிவங்கள் தேவைப்பட்டன. அதனால் அனுபவசாலிகள் வாயைச் சுற்றியே சிக்கனமாகத் திருத்துகிறார்கள்: சிரிப்போடு வாய் திறப்பு, சிரிப்போடு உதடு குவிப்பு. புருவம் உயர்வதும் சிரிப்பும் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அங்கே வெறும் கூட்டலே போதும். கரெக்டிவ் கைவைப்பதற்கு முன் மூலச் சிரிப்பு வடிவத்தையே ஒருமுறை சோதிப்பது என் கணிப்பில் இன்னும் முக்கியம். அதிலேயே உதடு மெலிந்திருந்தால் அந்த மெலிவு சிரிப்பு கலக்கும் ஒவ்வொரு சேர்க்கையிலும் தலைகாட்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒட்டுப்போட வேண்டியிருக்கும்.