நாசா ஊழியர்களுக்கு வந்த கடிதம்

2018 டிசம்பர் 18 அன்று நாசாவின் மனிதவளத் துறைத் தலைவரிடமிருந்து ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் போனது. ஊழியர் விவரங்கள் இருந்த சர்வருக்குள் யாரோ நுழைந்திருக்கலாம், சமூகப் பாதுகாப்பு எண்கள் கசிந்திருக்கலாம் என்றது அது.

கடிதத்தின் பலம், யாருக்குப் பாதிப்பு என்று எல்லை வகுத்தது. 2006 ஜூலை முதல் 2018 அக்டோபர் வரை பணியில் சேர்ந்த, விலகிய, மையம் மாறிய அரசுப் பணி ஊழியர்களுக்குப் பாதிப்பு இருக்கலாம். விண்வெளித் திட்டங்கள் எதற்கும் ஆபத்தில்லை என்றும் சொன்னது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தனித்தகவலும், அடையாளத் திருட்டுப் பாதுகாப்புச் சேவையும் வரும் என்றது.

பலவீனம், தாமதம். விசாரணை தொடங்கியது அக்டோபர் 23. கடிதம் வந்தது எட்டு வாரம் கழித்து! திருடிய எண்ணை வைத்து இன்னொருவர் பெயரில் கடன் வாங்க அது தாராளமான அவகாசம்.

இப்படி ஒரு செய்தி வெளியானதுமே அதைச் சாக்காக வைத்துப் போலி மின்னஞ்சல்களும் கிளம்பிவிடும். ஆகவே, உங்கள் அலுவலகத்திலிருந்து இத்தகைய கடிதம் வந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள். முன்பே உங்களிடம் உள்ள அலுவலக எண்ணுக்கு அழைத்து, கடிதம் உண்மைதானா என்று முதலில் கேளுங்கள்.