மின் மீட்டர் எவ்வளவு வேகமாகப் பேசும்?

பல மின்னணு மின் மீட்டர்களின் முகப்பில், திரைக்குப் பக்கத்தில், வட்டமாக ஒரு சிறு பகுதி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள் தெரியும். ஒன்று அகச்சிவப்பு ஒளி உமிழும் எல்இடி, மற்றொன்று ஒளியை உணரும் டயோடு. ரீடிங் எடுக்கும் கருவியின் தலைப்பகுதியைக் காந்தம் அங்கே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கம்பி எதுவும் இல்லாமல், எல்இடி எரிவதும் அணைவதுமாகவே மீட்டரின் கணக்கு முழுவதும் வெளியே வந்துவிடும். இந்த உரையாடலின் இலக்கணத்தை ஐஇசி 62056-21 என்ற தரநிலை வகுத்திருக்கிறது. எல்லா மீட்டரும் இதன்படி நடப்பதில்லை. ஐரோப்பாவில் இது மிகப் பரவலானது. ஒற்றைத் தடத்தில் எழுத்துகள் எப்படி வரிசையாகப் பயணம் செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட மீட்டர் தன் வேகத்தை 9600 பாட் என்று சொன்னால், ஒரு நொடியில் அது எத்தனை எழுத்துகளை அனுப்பும்? ஓர் எழுத்துக்கு 7 பிட். 9600-ஐ 7-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1371 வரும். ஆனால் மீட்டர் அனுப்புவது நொடிக்கு 960 எழுத்துகள்தான். மீதி எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரே ஓர் எழுத்தைப் பின்தொடர்ந்தால் போதும்.

உரையாடலைத் தொடங்குவது ரீடிங் கருவி. `/?!` என்ற மூன்று குறிகளையும் வரி முடிவுக்கான இரண்டு குறிகளையும் அது அனுப்பும். "அங்கே யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்பதற்குச் சமம் இது. முதல் குறியான சாய்வுக்கோட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்கி அட்டவணையில் அதன் 7 பிட் வடிவம் 0101111. கடைசி பிட்டிலிருந்து தொடங்கி அனுப்புவதுதான் வழக்கம் என்பதால், ஒளித்தடத்தில் அது 1111010 என்ற வரிசையில் போகும்.

இங்கேதான் சிக்கல். அனுப்புகிறவரிடம் ஒரு கடிகாரம், பெறுகிறவரிடம் இன்னொரு கடிகாரம். இரண்டையும் இணைக்கும் தனிக் கம்பி கிடையாது. எழுத்து எப்போது வரும் என்பதும் தெரியாது. அடுத்த கணமே வரலாம், பத்து நிமிடம் கழித்தும் வரலாம். தடம் சும்மா இருக்கும்போது அதன் நிலை 1. இந்த மீட்டரில் ஒளி இல்லாமல் இருட்டாக இருப்பதுதான் 1, எல்இடி எரிவது 0. அப்படியானால் தொடர்ந்து வரும் நான்கு 1-களுக்கும் ஓய்வு நிலைக்கும் என்ன வித்தியாசம்? நான்குமே இருட்டுதான்.

அதற்காகத்தான் ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு 0 சேர்க்கப்படுகிறது. அதுதான் ஸ்டார்ட் பிட். இருட்டிலிருந்து ஒளிக்கு மாறும் அந்தக் கணத்தைப் பார்த்ததும், பெறுகிற கருவி தன் கடிகாரத்தைப் பூஜ்யத்திலிருந்து ஓட்டத் தொடங்கும். வேகம் 300 பாட் என்றால் ஒரு பிட்டின் நீளம் 3.33 மில்லிநொடி. மாற்றத்தைப் பார்த்த பிறகு ஒன்றரை பிட் நேரம் காத்திருந்தால் முதல் தரவு பிட்டின் நடுப்பகுதிக்கு வந்துவிடலாம். அங்கே ஒருமுறை தடத்தைப் பார்த்து ஒளியா இருட்டா என்று குறித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு பிட் நேரத்துக்கும் ஒருமுறை பார்க்கும். ஓரத்தில் பார்த்தால் முந்தைய பிட்டையோ அடுத்த பிட்டையோ படித்துவிடும் ஆபத்து இருப்பதால்தான் நடுவில் பார்க்கிறது.

ஏழு தரவு பிட்டுக்குப் பிறகு பாரிட்டி பிட் வருகிறது. சாய்வுக்கோட்டில் ஐந்து 1-கள் இருக்கின்றன. மொத்த 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது இந்தத் தரநிலையின் விதி. எனவே பாரிட்டி பிட்டை 1 ஆக்கி ஆறாக்குகிறார்கள். கடைசியில் வரும் ஸ்டாப் பிட் எப்போதும் 1, அதாவது இருட்டு. அதன் வேலை, தடத்தை ஓய்வு நிலைக்குத் திரும்பக் கொண்டுவருவது. ஓர் எழுத்து 0-வில் முடிந்து அடுத்த எழுத்தின் ஸ்டார்ட் பிட்டும் 0-வாக ஒட்டி வந்தால், தொடக்கத்தைக் காட்டும் அந்த மாற்றமே நிகழாது. ஸ்டாப் பிட் இருப்பதால் எழுத்து எதில் முடிந்தாலும் அடுத்த தொடக்கம் பளிச்சென்று தெரியும். ஸ்டாப் பிட் வர வேண்டிய இடத்தில் 0 இருந்தால், எழுத்தின் எல்லையைத் தவறாகப் பிடித்திருக்கிறோம் என்றும் பெறுகிற கருவிக்குப் புரிந்துவிடும்.

ஆக ஒரு சாய்வுக்கோடு தடத்தில் இப்படிப் போகிறது:

```
0 1111010 1 1
```

மொத்தம் பத்து பிட். அதில் தரவு ஏழுதான். 9600-ஐப் பத்தால் வகுத்தால் நொடிக்கு 960 எழுத்து. எழுத்துக்கு ஏழு பிட் என்று கணக்கிட்டால் உண்மையான தரவு வேகம் நொடிக்கு 6720 பிட், அதாவது 70 சதவீதம். கணக்கு அவ்வளவுதான்: பாட் வேகத்தை எழுத்தின் மொத்தப் பிட்டுகளால் வகுத்து, தரவு பிட்டுகளால் பெருக்க வேண்டும். பாட் என்பது ஒரு நொடியில் தடத்தின் நிலை எத்தனை முறை மாறலாம் என்பதன் அளவு. பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. ஒளியா இருட்டா என்ற இரண்டே நிலைகள் இருக்கும் இடத்தில் பாட்டும் நொடிக்கு வரும் பிட்டும் ஒரே எண். பழைய தொலைபேசி மோடம்களில் அப்படி இல்லை. 600 பாட்டில் ஒவ்வொரு நிலையிலும் நான்கு பிட்டை ஏற்றி 2400 பிட் அனுப்பியவை உண்டு.

ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டோடு ஏன் நிறுத்திக்கொள்கிறார்கள், நூறு எழுத்துக்கு ஒரே ஒரு ஸ்டார்ட் பிட் வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கடிகாரங்கள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. தொடக்க மாற்றத்திலிருந்து ஸ்டாப் பிட்டின் நடுப்பகுதி ஒன்பதரை பிட் தூரத்தில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது பிழை அரை பிட்டைத் தாண்டக் கூடாது. எனவே இரண்டு கடிகாரங்களுக்கும் இடையிலான வித்தியாசம் ஏறக்குறைய 5 சதவீதம் வரை போகலாம். நடைமுறையில் ஒவ்வொரு பக்கமும் 2 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். மலிவான கடிகாரமே போதும் என்ற இந்தச் சலுகைக்குக் கொடுக்கும் விலைதான் ஒவ்வோர் எழுத்திலும் ஸ்டார்ட், ஸ்டாப் என இரண்டு பிட். நூறு எழுத்தை ஒரே மூச்சில் அனுப்பினால் கடிகாரங்கள் ஏழாயிரத்தில் ஐந்து பங்குக்கும் குறைவாகவே விலகலாம்.

இப்போது ரீடிங் எடுக்கிறவர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு கோளாறு. மீட்டர் பேசுவது ஏழு தரவு பிட், இரட்டைப்படைப் பாரிட்டி, ஒரு ஸ்டாப் பிட். மென்பொருள்களில் இதை 7E1 என்று குறிப்பார்கள். கணினியிலோ பெரும்பாலும் 8N1 என்று வைத்திருப்பார்கள்: எட்டு தரவு பிட், பாரிட்டி இல்லை. இரண்டிலும் எழுத்துக்கு மொத்தம் பத்து பிட்தான் என்பதால் எல்லைகள் அச்சாகப் பொருந்தும். ஸ்டாப் பிட்டும் சரியான இடத்தில் வரும். கருவி எந்தப் புகாரும் சொல்லாது. ஆனால் பாரிட்டி பிட்டை அது எட்டாவது தரவு பிட்டாக எடுத்துக்கொள்ளும். மொத்த நுகர்வைச் சொல்லும் வரி முதலாவது; திரையில் தெரிவது இரண்டாவது:

```
1.8.0(004721.3*kWh)
±.¸.0(00´·²±.3ªë×è©
```

0, 3, 5, 6, 9 ஆகிய இலக்கங்களில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படை. பாரிட்டி பிட் 0 என்பதால் அவை தப்பித்துவிடும். 1, 2, 4, 7, 8 கெட்டுப்போகும். பாதி சரி, பாதி குப்பை என்று வந்தால் பாட் வேகத்தைத் தொட வேண்டாம், பாரிட்டி அமைப்பைப் பாருங்கள். வேகமே தவறாக இருந்தால் முழுவதும் குப்பையாகத்தான் வரும், ஸ்டாப் பிட் பிழைகளும் குவியும்.

பாரிட்டிக்கு ஓர் எல்லை உண்டு. மேலே உள்ள ரீடிங்கில் 4-இன் வடிவம் 0110100. கடைசி இரண்டு பிட்டும் ஏதோ இடையூறில் புரண்டால் 0110111 ஆகிவிடும், அது 7. மூன்று 1-கள் ஐந்தாகின்றன. ஒற்றைப்படை ஒற்றைப்படையாகவே இருப்பதால் பாரிட்டி வாய் திறக்காது. 4721 யூனிட் 7721 ஆகிவிடும். இதைத் தடுக்கத்தான் தரவுத் தொகுதியின் கடைசியில் மீட்டர் இன்னோர் எழுத்தையும் அனுப்புகிறது. எல்லா எழுத்துகளின் முதல் பிட்டுகளுக்கும் சேர்த்து ஒரு பாரிட்டி, இரண்டாம் பிட்டுகளுக்கு ஒன்று என்று நெடுக்காகக் கணக்கிட்ட எழுத்து அது. குறுக்கே தப்பித்த இந்தப் பிழை நெடுக்கே இரண்டு பத்திகளில் மாட்டிக்கொள்ளும். அதே இரண்டு பத்திகளில் இன்னோர் எழுத்தும் புரண்டிருந்தால் மட்டுமே தப்பும்.

வேகக் கணக்குக்கு வருவோம். தரநிலைப்படி உரையாடல் 300 பாட்டில்தான் தொடங்கும், அதாவது நொடிக்கு 30 எழுத்து. புதிதாக வந்த கருவியும் பழைய மீட்டரும் எந்த முன்னேற்பாடும் இல்லாமல் பேச ஒரு பொது வேகம் தேவை. ரீடிங் கருவியின் கேள்வி 5 எழுத்து. மீட்டர் தன் தயாரிப்பாளர் குறியீட்டையும் தன்னால் முடிந்த வேகத்தையும் சொல்லிப் பதில் தரும். அதை 20 எழுத்து என்று வைத்துக்கொள்வோம். `5` என்ற குறி வந்தால் 9600 என்று பொருள். "சரி, அந்த வேகத்துக்கே போகலாம்" என்று கருவி 6 எழுத்தில் ஒப்புக்கொள்ளும். ஆக 31 எழுத்து, ஒரு நொடிக்குச் சற்று மேல். ஒவ்வொன்றுக்கும் நடுவே குறைந்தது 0.2 நொடி, அதிகபட்சம் 1.5 நொடி இடைவெளி உண்டு. அப்படி மூன்று இடைவெளிகள்.

மேலே காட்டிய வரியை வரி முடிவோடு எண்ணினால் 21 எழுத்து. இப்படி நூறு வரி என்றால் 2100 எழுத்து. 300 பாட்டிலேயே அனுப்பினால் 70 நொடி ஆகும். 9600 பாட்டில் 2.2 நொடி. தொடக்கப் பேச்சையும் மிகக் குறைந்த இடைவெளிகளையும் சேர்த்தால் மொத்தம் 3.8 நொடி. 14,700 தரவு பிட்டை 3.8-ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 3850 பிட். இடைவெளிகள் ஒவ்வொன்றும் 1.5 நொடியாக நீண்டால் அது 1900-க்கு இறங்கிவிடும். மீட்டர் சொன்ன 9600-இல் ஐந்தில் ஒரு பங்குதான் கைக்கு வருகிறது.

மிகக் குறைந்த இடைவெளிகளோடு மீட்டரை 19200-க்கு உயர்த்தினால் 3.8 நொடி 2.7 ஆகும், பாதியாகாது. முப்பத்தைந்து நாள் நுகர்வை அரைமணி நேரத்துக்கு ஒரு வரியாக எடுக்கும்போது கதை வேறு. 1680 வரி, 35,280 எழுத்து. 300 பாட்டில் ஏறக்குறைய இருபது நிமிடம் மீட்டர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். 9600-இல் 37 நொடி, 19200-இல் 18 நொடி. தொடக்கப் பேச்சுக்கான ஒன்றரை நொடி இங்கே பொருட்டே இல்லை. 9600-இல் தரவு வேகம் நொடிக்கு 6400 பிட்டைத் தாண்டி, எட்டக்கூடிய உச்சமான 6720-ஐ நெருங்கிவிடும்.