அனைத்து நல்லுள்ளங்களுக்கும்...

போன வருஷம் எனக்கு 50 முடிந்தது. அன்று வாட்ஸ்அப்பில் 112 பேர் வாழ்த்தியிருந்தார்கள். 'வாழ்த்திய அனைத்து நல்லுள்ளங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கும்பிடும் கைகளை வைத்து, காப்பி எடுத்து ஒவ்வொருவருக்காக ஒட்டிக்கொண்டே போனேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சாயங்காலம் மதுரையிலிருந்து சின்ன அத்தை கூப்பிட்டார். "ஏன்டி, எனக்கும் என் மருமகளுக்கும் ஆளுக்கொரு நோட்டீஸ் குடுத்திருக்கியே! நான் ஒத்தை ஆளு. என்னைப் போய் அனைத்து நல்லுள்ளங்கள்ங்கிறியே?"

அத்தை பிடித்தது சரியான இடம். காப்பி அடித்த நன்றியைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அந்தப் பன்மைதான். தனியாக வந்து வாழ்த்தியவரிடம் 'அனைவருக்கும்' என்றால், அவர் கூட்டத்தில் ஒருவராகிவிடுகிறார். பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்பினாலும் இதே கதைதான். அது அவரவர் சாட்டில் தனிச்செய்தி போலத்தான் போய் விழும். உள்ளே இருக்கும் வாசகமோ மேடைப் பேச்சாக இருக்கும். போதாக்குறைக்கு, உங்கள் நம்பரை போனில் பதிந்து வைக்காதவர்களுக்கு அது போய்ச் சேரவே சேராது.

அடுத்தது விளி. அத்தையை 'அத்தை' என்றும், பழைய மேலதிகாரியை 'சார்' என்றும், கல்லூரித் தோழியை 'ஏய்' என்றும்தான் நாம் கூப்பிடுகிறோம். பொது நன்றியில் அது எதுவும் இருக்காது. விளியை மட்டும் சேர்த்தாலே பாதி வித்தியாசம் வந்துவிடும். ஆனால் ஒட்டிய செய்தியில் பெயரை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை ஆபத்து. 'நன்றி சித்தப்பா' என்பது பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போய்விட்டால் அதற்குத் தனியாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கும்.

இந்த வருஷம் வேறு மாதிரி செய்தேன். முதலில் ஒருவருக்கும் பதில் போடாமல் எல்லாவற்றையும் படித்தேன். மொத்தம் 104. அதில் 45 பேர் மூன்று குரூப்களில் வாழ்த்தியிருந்தார்கள். அங்கே பொதுவில் வந்ததற்குப் பொதுவிலேயே பதில்; அந்த இடத்தில் 'எல்லாருக்கும் நன்றி' பொருத்தமான சொல்தான். தனியாக வந்தவற்றில் 38 வெறும் கேக் படம், அல்லது ஒரு வரி வாழ்த்து. அவர்களுக்கு விளியோடு ஒரு வரி நன்றி. கேக் படம் அனுப்பியவருக்கு உருக்கமாக ஒரு பத்தி எழுதினால் அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம்.

மீதி 21. இவர்கள்தான் எனக்காக உட்கார்ந்து ஏதோ எழுதியவர்கள். அந்தச் செய்திகளை மட்டும் மறுபடி 'படிக்காதது' என்று குறித்து வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஏழெட்டாக மூன்று நாளில் எழுதினேன். ஒரே மூச்சில் எழுதினால் பத்தாவது ஆளுக்குள் கை தானாகப் பழைய வாக்கியத்துக்குப் போய்விடுகிறது.

என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. விஷயம் அவர்கள் அனுப்பியதிலேயே இருக்கிறது. போன வருஷம் அத்தை என்ன எழுதியிருந்தார் என்று தேடிப் பார்த்தேன்: 'நீ பொறந்த அன்னைக்குப் பேஞ்ச மழையில உங்கப்பா செருப்பைத் தொலைச்சுட்டு வந்தார்.' அதற்குத்தான் நான் நெஞ்சார்ந்த நன்றி சொல்லியிருக்கிறேன்! இந்த வருஷம் அவருக்கு முதலில் எழுதினேன்: 'அத்தை, அப்பா செருப்புக் கதையை அவர் கடைசி வரைக்கும் எங்ககிட்ட சொல்லவே இல்லை. ஊருக்கு வர்றப்ப முழுசாக் கேட்கணும். ஆசீர்வாதம் பண்ணுங்க.' இதில் 'நன்றி' என்ற சொல்லே இல்லை. பெரியவர்களிடம் ஆசீர்வாதம் கேட்பதே நன்றிதான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பதிலைக் கேள்வியில் முடித்தால் பேச்சு தொடரும். 'பையன் என்ன படிக்கிறான்?' என்று 21 பேரிடம் கேட்டால் 21 பதில் வரும், அதற்கெல்லாம் நாம் மறுபடி எழுத வேண்டும். எழுதாவிட்டால் முதலில் கேட்டதும் சும்மா ஒப்புக்கு என்று ஆகிவிடும். அதனால் பேச்சைத் தொடர விரும்பிய நாலைந்து பேரிடம் மட்டும் கேள்வி கேட்டேன். மற்றவர்களுக்கு ஒரு நினைவைச் சொல்லி முடித்துக்கொண்டேன். குரலில் வாழ்த்து அனுப்பிய இருவருக்குக் குரலிலேயே பதில். அதைப் படித்து ஒப்பிக்கக் கூடாது. காதில் கேட்டவுடன் தெரிந்துவிடும்.

21 பேருக்கும் சேர்த்து ஆனது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். நீங்களும் எழுதிப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு அனுப்புவதாக இருந்தால் மட்டும், இரண்டையும் ஒரு தடவை சேர்த்துப் படித்துவிட்டு அனுப்புங்கள். அத்தையும் மருமகளும் நிச்சயம் போனை மாற்றிப் பார்ப்பார்கள்.