ஷூவின் முனையில் தங்கும் ஈரம்

ஐப்பசி பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. உறவில் ஒரு கல்யாணம். போட்டுக்கொண்டு போகலாம் என்று அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கறுப்புத் தோல் ஷூவை எடுத்தேன். உறையைப் பிரித்ததுமே பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை அடித்தது. ஷூவின் மேலே திருநீறு தூவினாற்போல வெள்ளை படர்ந்திருந்தது. நாக்கின் மடிப்பிலும் தையல் ஓரங்களிலும் சாம்பல் பச்சையில் புள்ளிகள். நான்கு மாதத்துக்கு முன்னால் துடைத்து, பாலிஷ் போட்டு, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி நானே வைத்தது. அந்த உறைதான் அதைக் கெடுத்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பூஞ்சையின் வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் மிதந்துகொண்டே இருப்பவை. அவற்றைத் தடுக்க முடியாது. அவை முளைப்பதற்கு வேண்டியது ஈரமும் சாப்பாடும்தான். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் தோலில் பூஞ்சை முளைக்கத் தொடங்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்துச் சென்னையில் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் அந்த அளவுக்கு மேல்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் குறைவில்லை. தோலைப் பதனிட்ட பிறகு அது மிருதுவாக இருப்பதற்காக ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தொழிற்சாலைகளில் அதற்கு எண்ணெய் ஊட்டுகிறார்கள். அந்த எண்ணெய், நாம் தடவும் பாலிஷ், உள்ளே ஒட்டியிருக்கும் வியர்வை, காலிலிருந்து உதிர்ந்த தோல் துகள் எல்லாமே பூஞ்சைக்கு விருந்து.

நாற்றத்தின் கதை வேறு. இரண்டு பாதங்களிலும் சேர்த்து சுமார் இரண்டரை லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த வியர்வைக்கு ஏறக்குறைய மணமே கிடையாது. காலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ள லியூசின் என்ற பொருளைச் சிதைத்து ஐசோவேலரிக் அமிலமாக மாற்றுகின்றன. புளித்த பாலாடைக்கட்டியை நினைவூட்டும் அந்தக் கால் நாற்றம் இந்த அமிலத்தினுடையது. ஆக, மூடின ஷூவுக்குள் நாற்றத்தைக் கிளப்புவது பாக்டீரியா, வெளியே வெள்ளை பூப்பது பூஞ்சை. இரண்டு உயிர்களும் வேறு வேறு, ஆனால் இரண்டுமே ஈரத்தை நம்பிப் பிழைப்பவை. உள்ளே ஈரம் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

ஈரம் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதில்தான் பெரும்பாலும் ஏமாந்துபோகிறோம். வெளித்தோல் சீக்கிரம் காய்ந்துவிடும். விரலால் தொட்டால் நன்றாக இருக்கும். ஆனால் விரல்கள் இருக்கும் முனைப்பகுதியில் தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே விறைப்புக்காக ஒரு அட்டையை வைத்து ஒட்டியிருப்பார்கள். இன்சோலுக்கு அடியிலும் அட்டையும் பசையும் உண்டு. அங்கே புகுந்த தண்ணீர் வெளியேற ஷூவின் வாய் ஒன்றுதான் வழி. நம் கை அவ்வளவு தூரம் போவதில்லை.

கல்யாண ஷூவைக் கெடுத்துக்கொண்ட பிறகு, அலுவலகத்துக்குப் போட்டுப்போகும் ஷூவைச் சமையலறைத் தராசில் வைத்து எடை பார்க்கத் தொடங்கினேன். மழைக்கு முன் வலது கால் ஷூ 462 கிராம் இருந்தது. ஒரு மாலை பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை தேங்கிய தண்ணீரில் நடந்து வந்த பிறகு 548. அந்த ஒற்றை ஷூ மட்டும் 86 கிராம் தண்ணீரைக் குடித்திருந்தது, அதாவது அரை டம்ளருக்கும் மேல். இன்சோலை உருவி, லேஸைக் கழற்றி, நாக்கை முன்னால் இழுத்துவிட்டு, பழைய செய்தித்தாளைக் கசக்கி முனைவரை அடைத்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தாளை எடுத்தால் பிழியலாம் போலிருந்தது. புதுத் தாள் வைத்தேன். படுக்கும் முன் இன்னொருமுறை மாற்றினேன்.

மறுநாள் காலை வெளியே தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோலத்தான் இருந்தது. வழக்கமாக இருந்தால் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். தராசு 512 காட்டியது. ஐம்பது கிராம் தண்ணீர் உள்ளேயே இருந்தது. தாளை எடுத்துவிட்டு, ஷூவின் வாய் மேஜை விசிறியைப் பார்க்கும்படி சுவரில் சாய்த்து வைத்தேன். அன்று மாலை 484. மூன்றாம் நாள் காலை 470, மாலை 469. அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பழைய 462-க்கு அது ஏன் திரும்பவில்லை என்றால், மழைக்காலக் காற்றே ஈரமாக இருக்கிறது. தோல் அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு ஈரத்தை வைத்துக்கொள்ளும். அதனால் பழைய எடையை எதிர்பார்க்க வேண்டாம். காலையும் மாலையும் எடை ஏறக்குறைய ஒன்றாக நின்றால் ஷூ காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். நனைந்த தோல் ஷூவுக்கு இரண்டு முழு நாள் தேவை என்பதை நான் நம்பியது இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான். நனையாமல் வெறும் வியர்வை பட்ட ஷூவுக்கே ஒரு நாள் ஓய்வு வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுங்கள் என்று சொல்வது அதனால்தான்.

அவசரப்பட்டு கேஸ் அடுப்புக்குப் பக்கத்திலோ உச்சி வெயிலிலோ வைக்கிறவர்கள் உண்டு. நனைந்த தோலின் மேற்பரப்பு மட்டும் வேகமாகக் காய்ந்து சுருங்கும், மடிப்புகளில் வெடிப்பு விழும், சோலை ஒட்டிய பசையும் இளகும். விசிறிக் காற்று போதும். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தையே வடித்துவிடுகிறது. ரயில் நிலையப் படிக்கட்டு ஓரம் உட்கார்ந்திருக்கும் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் ஒருமுறை நனைந்த ஷூவை நீட்டி பாலிஷ் போடச் சொன்னேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஈரத்தோட பாலிஷ் போட்டா உள்ள இருக்கிற தண்ணி எங்க சார் போகும்? காய வச்சு எடுத்துட்டு வாங்க." மெழுகு பாலிஷ் வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கும். உள்ளே இருக்கிற தண்ணீரையும் அதேபோல அடைத்துவிடும்.

புது ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பத்திரப்படுத்தி நனைந்த ஷூவுக்குள் போடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழுக்கும். என் ஷூவின் 86 கிராம் தண்ணீருக்கு இருநூற்றைம்பது கிராமுக்கும் மேல் வேண்டும். அந்தப் பொட்டலத்தில் இருப்பதோ இரண்டு, மூன்று கிராம். அதுவும் திறந்த இடத்தில் வைத்தால் அறைக் காற்றின் ஈரத்தைக் குடித்தே நிறைந்துவிடும். அதன் வேலை வேறு. நன்றாகக் காய்ந்த ஷூவை மூடின பெட்டியில் மாதக்கணக்கில் வைக்கும்போது, பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் காப்பதுதான். அப்படி வைப்பதானால் ஜோடிக்கு ஐம்பது கிராமாவது போட்டு, பெட்டி இறுக மூட வேண்டும். அது முடியாதென்றால் பெட்டியே வேண்டாம். துணிப்பையில் போட்டு, சுவரை ஒட்டாமல், காற்றோட்டமான தட்டில் வையுங்கள். பூஞ்சை தடுப்பு என்று சொல்லி விற்கும் பெயர் தெரியாத ரசாயனப் பொட்டலங்களை மட்டும் ஷூவுக்குள் போடாதீர்கள். டைமெத்தில் ஃபியூமரேட் என்ற பொருளை ஷூ பெட்டிகளிலும் சோபாக்களிலும் வைத்ததில் பலருக்குத் தோல் வெந்ததுபோல் ஆகி, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது.

ஷூவில் வெள்ளை தெரிந்தால் உடனே பூஞ்சை என்று முடிவுகட்ட வேண்டாம். வியர்வை உப்பானால் ஈரத்துணியில் துடைத்ததும் மறைந்து, காய்ந்ததும் கோடுபோல மறுபடி வரும். தோலின் எண்ணெயே வெளியே வந்து படிந்திருந்தால், சற்றுத் தள்ளிப் பிடித்த ஹேர் டிரையரின் இளஞ்சூட்டில் உருகி உள்ளே போய்விடும். பூஞ்சை சூட்டுக்கு உருகாது, மக்கல் வாடை அடிக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மெல்லிய ரோமம்போலத் தெரியும்.

பூஞ்சைதான் என்றால் ஷூவை மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, உலர்ந்த துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப் போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் வித்துகள் அடுத்த ஷூவுக்குப் போகும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் சம அளவு தண்ணீர் கலந்து, நாக்கின் அடிப்பக்கம் ஒரு சொட்டுத் தடவிச் சாயம் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகாவிட்டால் துணியை அதில் நனைத்துப் பிழிந்து வெளியேயும் உள்ளேயும் துடைத்து, ஒரு நாள் காய வைத்து, பிறகு கிரீம் பாலிஷ் போடலாம். இன்சோலைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், புதிது மாற்றிவிடுங்கள். இரண்டுமுறை இப்படிச் செய்தும் மக்கல் வாடை போகவில்லை என்றால், பூஞ்சை உள்ளிருக்கும் அட்டைக்கும் பஞ்சுக்கும் இறங்கிவிட்டது. என் கல்யாண ஷூ அப்படித்தான் போனது.

நாற்றத்துக்கு ஆப்ப சோடா உதவும். நாற்றமெடுப்பது அமிலம், சோடா காரம் என்பதால் ஒன்றை ஒன்று அடக்கும். பழைய சாக்ஸில் இரண்டு ஸ்பூன் முடிந்து இரவு முழுக்க உள்ளே வைத்துக் காலையில் எடுத்துவிடுங்கள். காரம் தோலுக்கு ஆகாது, அதனால் நேரே தூவ வேண்டாம். கற்பூரமும் நாப்தலீன் உருண்டையும் ஒரு வாடையை இன்னொரு வாடையால் மூடுவதோடு சரி. பையில் ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதலாக எடுத்துப்போய் மதியம் மாற்றுவது இவற்றைவிடப் பலன் தரும். உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்து நாற்றமும் விடாமல் இருந்தால் அது ஷூவின் குறை அல்ல, பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாளைக் காலை ஷூ போடும் முன் இன்சோலைத் தூக்கி, கையை முனைவரை விட்டுத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று பட்டால் இன்னும் ஈரம் இருக்கிறது. அன்றைக்கு வேறு ஜோடியைப் போட்டுக்கொண்டு போங்கள்.