பதக்கத்தின் கனம் நாடாவில் தெரியும்

மாவட்டத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த மாணவன் அவன். பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வந்த அன்று பதக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டான். "பரவாயில்லண்ணா, அப்புறம் கம்ப்யூட்டர்ல மாட்டிவிட்டுடலாம்ல?" என்று கேட்டான்.

மறுநாள் அவன் கொண்டுவந்த பதக்கத்தைத் தனியாகப் படம் எடுத்து, முதல் படத்தில் சேர்த்தேன். அட்டையில் வெட்டி ஒட்டியது போல இருந்தது. பதக்கத்தில் பழுதில்லை. நாடாவை நான் மாலை போல வளைத்திருந்தேன்.

மாலையில் பூவின் எடை நெடுகப் பரவியிருக்கிறது. அதனால் அது தூளி போல வளைந்து தொங்கும். பதக்க நாடாவுக்கோ எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. கனம் முழுவதும் கீழே வளையத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டு பட்டைகளும் விறைப்பாக, மார்பின் மேட்டுக்கு ஏற்ற மெல்லிய வளைவோடு மட்டும் இறங்கி, வளையத்தில் கூர்முனையாகச் சேரும். நாடாவில் அலையோ தொய்வோ இருந்தால், பார்ப்பவர் கண்ணுக்குப் பதக்கம் காகிதமாகிவிடும்.

பையன் வலது தோளைச் சற்றுத் தாழ்த்தி நின்றிருந்தான். சட்டைப் பொத்தான் வரிசையும் அதோடு சாய்ந்திருந்தது. அந்த வரிசையின் மேலேயே பதக்கத்தை வைப்பதுதான் பலரும் செய்கிற தவறு. உடம்பு சாய்ந்தாலும் பதக்கம் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நேர்கீழாகத்தான் இறங்கப் பார்க்கும். கழுத்தின் நடுவிலிருந்து ஒரு செங்குத்துக் கோடு போட்டுப் பார்த்தேன். பதக்கம் பொத்தான் வரிசையை விட்டு ஒரு விரல் அகலம் விலகியது. அப்போதுதான் அது தொங்குவது போல இருந்தது. கேமராவே சாய்ந்திருந்தால் இந்தக் கோடு ஏமாற்றும். பின்னாலுள்ள சுவர் விளிம்பையோ கதவு நிலையையோ பார்த்து முதலில் படத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும்.

அளவுக்குச் சட்டைப் பொத்தானே கோல். அவன் சட்டைப் பொத்தானின் விட்டம் 11 மில்லிமீட்டர். படத்தில் அது 44 பிக்சல் இருந்தது, அதாவது மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். பதக்கத்தின் விட்டம் 65 மில்லிமீட்டர் என்பதால் 260 பிக்சல். நாடாவின் அகலம் 22 மில்லிமீட்டர், ஆகவே 88 பிக்சல். கண் மதிப்பில் நான் முதலில் வைத்திருந்த பதக்கம் இதைவிடக் கணிசமாகப் பெரிது. பதக்கத்தை எடுப்பாகக் காட்டும் ஆசையில் எல்லோருக்கும் வருகிற பிழை இது.

நிழலில்தான் அதிக நேரம் போயிற்று. போட்டோஷாப்பில் Drop Shadow என்ற வசதி இருக்கிறது. அதை அப்படியே பயன்படுத்தினால் நாடாவுக்கும் பதக்கத்துக்கும் ஒரே தூரத்தில் ஒரே நிழல் விழும். நிஜத்தில் அப்படி விழாது. நாடா ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. சட்டையோடு ஒட்டிக் கிடக்கிற இடத்தில் அதன் நிழல் ஒரு மெல்லிய கோடுதான். பதக்கத்தின் கனம் 4 மில்லிமீட்டர். வெளிச்சம் 45 பாகையில் சாய்ந்து வந்தால் நிழலும் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான் நீளும், அதாவது 16 பிக்சல். நான் 60 பிக்சல் தள்ளி வைத்திருந்தேன். பதக்கம் மார்பைவிட்டு ஒன்றரை சென்டிமீட்டர் முன்னால் மிதந்தது. அவன் முன்னால் குனிந்து நின்றிருந்தால் அந்த நிழல் பொருந்தியிருக்கும். நிமிர்ந்து நிற்பவனுக்குப் பொருந்தாது.

வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதை மூக்கின் நிழலும் காலர் நிழலும் காட்டிவிடும். Use Global Light குறியை எடுத்துவிட்டு, அந்தக் கோணத்தையே பதக்கத்துக்கும் கொடுத்தேன். பிறகு Layer > Layer Style > Create Layers கட்டளையால் நிழலைத் தனி அடுக்காகப் பிரித்து, சட்டை மடிப்பு மேடுபள்ளமாக இருந்த இடங்களில் அதை லேசாக வளைத்தேன். நிழலுக்குக் கறுப்பு நிறம் கூடாது. வெள்ளைச் சட்டையின் மடிப்புக்குள் நீலம் கலந்த சாம்பல் நிறம் இருந்தது. அதையே எடுத்து Multiply முறையில் வைத்தேன். பதக்கத்தை ஒட்டிய இடத்தில் நிழல் அடர்த்தியாகவும் விளிம்பு கூர்மையாகவும், விலக விலக மங்கியும் இருக்க வேண்டும்.

பதக்கத்தின் நிழலில் கவனம் வைப்பவர்கள் நாடாவின் மேல் விழும் நிழலை மறந்துவிடுவார்கள். தாடையின் நிழல் சட்டையில் விழும்போது அதே இடத்திலுள்ள நாடாவிலும் விழத்தானே வேண்டும்? காலருக்கு அருகே நாடாவை இருட்டாக்கி, காலர் மடிப்புக்கு அடியில் நுழைத்த பிறகுதான் அது கழுத்தில் மாட்டியதாயிற்று.

இவ்வளவு பாடும் பாதியாகக் குறைய ஒரு வழி உண்டு. பதக்கத்தை மேசையில் கிடத்திப் படம் எடுக்காதீர்கள். ஹேங்கரில் மாட்டிய சட்டையின் மேல் தொங்கவிட்டு, ஆளைப் படம் எடுத்த அதே பக்க வெளிச்சத்தில், அதே உயரத்தில் எடுங்கள். நாடா தானே விறைத்துக்கொள்ளும், உலோகத்தின் மினுமினுப்பும் சரியான பக்கத்தில் விழும். இணையத்தில் கிடைக்கிற பளபளப்பான பதக்கம் வேண்டவே வேண்டாம். அவனுடையதில் போட்டியின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கிறது.