இலவச டயாலிசிஸும் மாதம் 20 ஆயிரம் ரூபாயும்

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவருக்கு டயாலிசிஸ் எனப்படும் ரத்த சுத்திகரிப்புக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை ஒரு குடும்பத்தின் கணக்கைக் கொண்டு பார்க்கலாம்.

அந்தக் குடும்பம் என் ஒன்றுவிட்ட தம்பியுடையது. ஆரணிக்கு அருகே ஒரு சிற்றூரில் பட்டு நெசவு செய்பவர். அவர் தறியில் இறங்க, மனைவி தார் சுற்றித் தருவார். இருவரும் சேர்ந்தால் மாதத்துக்கு நான்கு சேலைகள். சேலைக்கு 2,400 ரூபாய் கூலி. உயர் ரத்த அழுத்தத்தால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்து, இப்போது வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாள்கள் வேலூரில் ஒரு மருத்துவமனைக்குச் சென்றுவருகிறார். பணியிலிருந்த காலம் முழுவதும் கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால், ஒரு மாதம் முழுவதும் செலவுகளைக் குறித்துவைக்குமாறு அவர் மனைவியிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். கீழே உள்ள தொகைகள் அந்த நோட்டில் இருப்பவை.

வாரத்துக்கு மூன்று என்றால் ஆண்டுக்கு 156; மாதத்துக்கு 13. இந்த 13 என்ற எண்ணால்தான் பெரும்பாலான செலவுகளைப் பெருக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை 50 ரூபாய் கூடினால் மாதத்தில் அது 650 ரூபாய்.

முதலில் பயணம். ஊரிலிருந்து ஆரணிக்கு ஷேர் ஆட்டோ, அங்கிருந்து வேலூருக்குப் பேருந்து, பிறகு மருத்துவமனைக்கு நகரப் பேருந்து. மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில் மட்டுமே உண்டு. ஆரணி - வேலூர் புறநகர்ப் பேருந்தில் மனைவிக்கும் சீட்டு வாங்க வேண்டும். போவதற்கு இருவருக்கும் 110 ரூபாய் ஆகிறது. திரும்புவதுதான் அதிகம். நான்கு மணி நேரம் இயந்திரத்தில் இருந்து எழுந்தவரை நகரப் பேருந்தில் நிற்கவைத்து அழைத்துவர முடியாது. பேருந்து நிலையம் வரை ஆட்டோவுக்கு 100 ரூபாய். அவருக்குக் கிடைத்திருப்பது மூன்றாவது ஷிப்ட். பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கி இரவு 7 மணிக்கு முடியும். ஆரணி வந்து சேரும்போது 9 மணி தாண்டிவிடும்; ஷேர் ஆட்டோ இருக்காது. தனி ஆட்டோவுக்கு 150 ரூபாய். பேருந்துக் கட்டணம் 60 ரூபாயும் சேர்ந்து, திரும்பிவர 310 ரூபாய். ஆக, ஒருமுறை சென்றுவர 420 ரூபாய்.

அந்த மாதத்தில் 12 முறை இப்படித்தான் நடந்தது. ஒரு திங்கள்கிழமை மட்டும் வாடகை காரில் 1,500 ரூபாய் கொடுத்துத் திரும்பினார்கள். அதன் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையே இரண்டு நாள் இடைவெளி இருக்கிறது. சிறுநீர் பிரியாத உடலில், குடிக்கும் தண்ணீரும் குழம்பில் உள்ள நீரும் அப்படியே தங்கி எடையாகக் கூடும். அந்த ஞாயிற்றுக்கிழமை உறவினர் வீட்டு விருந்து. உப்பு கூடினால் தாகமும் கூடும். திங்களன்று எடை நான்கு கிலோ அதிகம். நான்கு லிட்டர் நீரை நான்கு மணி நேரத்தில் இயந்திரம் இழுத்தபோது ரத்த அழுத்தம் சரிந்தது. காலில் தசைப்பிடிப்பு வந்தது. பேருந்தில் உட்கார முடியவில்லை. ஊறுகாயும் அப்பளமும் வாகனச் செலவாக மாறுவது இந்த நோயில்தான். எல்லாம் சேர்த்துப் பயணத்துக்கு 6,650 ரூபாய். வெளியே இருவர் சாப்பிட ஒருமுறைக்கு 120 ரூபாய் வீதம் 1,560 ரூபாய்.

அடுத்தது மருந்து. இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். ஆனால், சிறுநீரகம் செய்துவந்த வேறு வேலைகளைச் செய்யாது. ரத்தச் சிவப்பணுக்களை உண்டாக்கத் தூண்டும் எரித்ரோபாய்டின் என்ற சுரப்பு சிறுநீரகத்திலிருந்து வருவது. அது நின்றுபோனதால் ஊசியாகப் போட வேண்டும். அவர் செல்லும் இடத்தில் அதை வெளியே வாங்கிவரச் சொல்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு வீதம் அந்த மாதத்தில் ஒன்பது ஊசிகள். ஊசி 350 ரூபாய் என்றால் 3,150 ரூபாய். மருந்துச் செலவில் பாதிக்கு மேல் இதுவே. இரும்புச்சத்து ஊசி இரண்டுக்கு 500 ரூபாய், உணவிலுள்ள பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் தடுக்கும் மாத்திரைக்கு 900 ரூபாய், ரத்த அழுத்தம் உள்ளிட்ட பிற மாத்திரைகளுக்கு 850 ரூபாய், மாதாந்திர ரத்தப் பரிசோதனைக்கு 700 ரூபாய். மொத்தம் 6,100 ரூபாய்.

இந்த எரித்ரோபாய்டின் ஊசியில் பணம் வீணாகும் வழிகள் இரண்டு உண்டு. உடலில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறாது. எனவே, 500 ரூபாய் இரும்பு ஊசியைத் தவிர்ப்பவர் 3,150 ரூபாயையும் சேர்த்தே இழக்கிறார். இரண்டாவது, அந்த ஊசியைக் குளிர்பதனப் பெட்டியில், 2 முதல் 8 டிகிரி வெப்பநிலைக்குள் வைக்க வேண்டும். மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று வாங்கி, குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் அலமாரியில் வைத்தால் மருந்து கெட்டுவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. போடும் நாளில், மருத்துவமனைக்கு அருகிலுள்ள கடையில் வாங்குவதே நல்லது. ஊசியையே விட்டுவிடுவதும் சிக்கனமல்ல. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும்; அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு, பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகும்.

ரத்த அழுத்த மாத்திரைகளை வெளியே வாங்கத் தேவையில்லை. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அவை கிடைக்கின்றன. டயாலிசிஸ் செய்யும் இடத்தில் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே அருகிலுள்ள கடையில் நீட்டிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது.

இதுவரை கையிலிருந்து போன பணம் 14,310 ரூபாய். இனி, கைக்கு வராமல் போன பணம். இதைக் கணக்கிடும்போது பெரும்பாலோர் 13 நாள் வேலை போயிற்று என்பார்கள். மாதத்தில் 26 வேலை நாள்கள், நான்கு சேலைகள். அதாவது, ஒரு சேலைக்கு ஆறரை நாள்கள். 13 நாள்கள் போக, எஞ்சிய 13 நாள்களில் இரண்டு சேலைகள் முடிந்திருக்க வேண்டும். முடிந்தது ஒன்றரைதான். அந்த அரைச் சேலை எங்கே போயிற்று? டயாலிசிஸுக்கு மறுநாள் காலையில் அவரால் எழுந்து தறிக்குழியில் இறங்க முடிவதில்லை. மேலும், ஊசி ஏற்றுவதற்காக இடக்கையில் நாளங்களை இணைத்து ‘ஃபிஸ்டுலா’ அமைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் பளு தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது என்ற கவனத்தில் பலகை அடிக்கும் வேகம் குறைந்துவிட்டது. ஆக, போனது 13 நாள்கள் அல்ல, 16 நாள்கள். மனைவி துணைக்குச் செல்லும் நாள்களில் தார் சுற்ற ஆளில்லை. அந்த இழப்பும் இதற்குள் அடங்கியதுதான் என்பதால் தனியே கூட்டவில்லை. அவர் நூறு நாள் வேலைக்கோ நிறுவனத்துக்கோ செல்பவராக இருந்தால் அதையும் கூட்ட வேண்டியிருக்கும். இரண்டரைச் சேலைக்கான கூலி இழப்பு 6,000 ரூபாய்.

இரண்டையும் சேர்த்தால் 20,310 ரூபாய். இதை 13 ஆல் வகுத்தால் ஒருமுறைக்கு ஏறத்தாழ 1,562 ரூபாய். கட்டணம் செலுத்துவோரிடம் ஒருமுறைக்கு 1,500 ரூபாய் வாங்கும் மையங்கள் இருக்கின்றன. அந்தக் கட்டணத்தைவிடச் சற்றே கூடுதலான தொகையை, இலவச டயாலிசிஸுக்காக இந்தக் குடும்பம் இழக்கிறது. கூலி 9,600 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயாகக் குறைந்த வீட்டில் 14,310 ரூபாய் ரொக்கச் செலவு எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். நகைகள் கூட்டுறவு வங்கியில் இருக்கின்றன; பட்டு முதலாளியிடம் முன்பணம் ஏறிக்கொண்டிருக்கிறது.

காப்பீட்டின் வரம்பு பற்றிப் பேசும்போது எல்லோரும் 5 லட்சம் ரூபாய் போதுமா என்று கேட்கிறார்கள். ஒருமுறைக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், 156 முறைக்கு 2,34,000 ரூபாய்தான். எனவே, டயாலிசிஸ் மட்டும் என்றால் அந்தத் தொகை போதும். அது குடும்பம் முழுமைக்குமான தொகை என்பதால், அதே ஆண்டில் வீட்டில் இன்னொருவருக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை வந்தால்தான் இடிக்கும். உண்மையான வரம்பு, அட்டை எதற்குச் செல்லும் என்பதில் இருக்கிறது. பேருந்துக்கும் கடை மருந்துக்கும் தறிக்கும் அது செல்லாது. இன்னொரு வரம்பு, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது. இவருடைய பழைய கூலி ஆண்டுக்கு 1,15,200 ரூபாய். நூலிழையில் உள்ளே இருக்கிறார். சற்று மேலே இருந்திருந்தால் மாதம் 19,500 ரூபாய் கட்டணமும் சேர்ந்திருக்கும். நோய் வந்த பிறகு தனியார் காப்பீட்டை நாடுவதில் உடனடிப் பயன் இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்றாண்டுகள் வரை காத்திருக்கவைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. இ.எஸ்.ஐ.யில் உள்ள தொழிலாளியின் நிலை மேல். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு, நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 80 சதவீதம் வரை அங்கே பெற முடியும். கைத்தறிக்காரருக்கு அப்படி ஒன்றில்லை.

நோட்டைப் பார்த்தபின் தம்பி கேட்டார்: “அண்ணா, வெள்ளிக்கிழமை மட்டும் போகாம விட்டா என்ன?” கேள்வி புரிந்துகொள்ளக்கூடியதே. ஒருமுறை போகாவிட்டால் 540 ரூபாயும் ஒரு நாள் வேலையும் மிஞ்சும். ஆனால், வெள்ளியை விட்டால் புதனிலிருந்து திங்கள்வரை ஐந்து நாள்கள் இடைவெளி. நீர் நுரையீரலில் கோத்துக்கொண்டு மூச்சுத்திணறும். பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுபோகக்கூடும். படுத்தால் மூச்சு முட்டுவதும் கால் வீங்குவதும் கண்ணுக்குத் தெரியும். பொட்டாசியம் ஏறுவது தெரியாது. எனவே, குறைக்க வேண்டியது முறைகளின் எண்ணிக்கையை அல்ல, ஒவ்வொரு முறைக்கும் ஆகும் செலவை.

அதற்கு நோட்டிலேயே ஓர் இடம் இருந்தது. காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் இரண்டாவது ஷிப்ட் கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் ஆரணி வந்துவிடலாம். தனி ஆட்டோவுக்கு 150 ரூபாய்க்குப் பதில் ஷேர் ஆட்டோவுக்கு 40 ரூபாய். 13 முறைக்கு 1,430 ரூபாய் மிச்சம். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்து, காத்திருப்போர் வரிசையில் பெயர் சேர்த்திருக்கிறோம்.

இன்னொன்று, தொடக்கத்திலேயே கேட்கப்பட்டிருக்க வேண்டியது. வயிற்றில் குழாய் பொருத்தி, திரவப் பைகளைக் கொண்டு வீட்டிலேயே நாளுக்கு மூன்று, நான்கு முறை செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறை இருக்கிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே வந்து தருகிறார்கள். அதற்குத் தூசியில்லாத ஓர் அறையும் ஒவ்வொரு முறையும் கை கழுவும் ஒழுங்கும் வேண்டும். தவறினால் வயிற்றுக்குள் தொற்று ஏற்படும். எல்லோருக்கும் ஏற்றதல்ல, வயிற்றில் முன்பு பெரிய அறுவைச் சிகிச்சை செய்தவருக்குப் பொதுவாகப் பொருந்தாது. ஆனால், 40 கிலோமீட்டருக்கு அப்பால் தறி வைத்திருப்பவரிடம், இயந்திரத்தில் படுக்கவைக்கும் முன் இந்த இரண்டு வழிகளையும் சொல்லி எது வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த நோட்டையும் எடுத்துச் சென்று கேட்கலாம் என்றிருக்கிறோம்.