இந்திப் பயிற்சித்தாள் ஒன்றும் அதன் விடைகளின் காரணமும்

சென்னையில் 1918-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தட்சிண பாரத இந்திப் பிரசார சபையார் பிராதமிக், மத்தியமா, ராஷ்டிரபாஷா எனத் தொடக்கநிலைத் தேர்வுகளைப் படிப்படியாக நடத்தி வருகின்றனர். 1968 முதல் நம் மாநிலத்து அரசுப் பள்ளிகளில் தமிழும் ஆங்கிலமுமே பயிற்றப்படுவதால், இந்தி கற்க விரும்புவோர் பலர் இத்தேர்வுகளின் வழியே அதனைக் கற்கின்றனர். எம் விடுதி அறைத்தோழர் நால்வரும் அவ்வாறே மத்தியமாவுக்கு முயன்றோம். முதற் பயிற்சித்தாள் திருத்தப்பெற்று வந்தபோது, ஐந்து வினாக்களுள் நான்கின்மேல் சிவப்புக் கோடு ஓடியிருந்தது. காரணம் வினவினோம். "காரணம் கேட்பதற்கில்லை, மனப்பாடம் செய்யுங்கள்" என்பதே விடையாயிற்று.

இலக்கணம் பயிலும் எமக்கு அவ்விடை அமைதி தரவில்லை. அத்தாளையே மீண்டும் எடுத்து, ஒவ்வொரு விடைக்கும் எதிரே அதன் காரணத்தையும் எழுதிப் பார்த்தோம். அங்ஙனம் எழுதியதை ஈண்டு நண்பர்க்கு வைக்கின்றோம். இந்திச் சொற்களைத் தமிழெழுத்திலேயே தருகின்றோமாதலின், வல்லெழுத்துக்களின் மூச்சொலி வேறுபாட்டை வாயால் நிரப்பிக்கொள்க. 'மேன்' என்பதன் ஈறு மூக்கொலியே.

தாளில் இருந்த வினாக்கள் இவை:

1. பரீக்ஷா, கேலா, பானீ, ஹல்தீ, புஸ்தக்: இவற்றின் பால் கூறுக.
2. கோயம்புத்தூர் ___ பாஜார் மேன் ஈரோட் ___ ஹல்தீ பிக்தீ ஹை.
3. (கேலா) ___ கா பாவ் க்யா ஹை?
4. மோஹன் ___ பூச்சோ.
5. ஸீதா நே ஆம் ___ (கானா). ஸீதா நே மாலா கோ ___ (தேக்னா).

முதல் வினா. தமிழில் பால் பொருள்பற்றி வருவது. மக்கட் பெயராயின் ஆணும் பெண்ணும் பலரும். ஏனையவெல்லாம் ஒன்றும் பலவும். வாழைப்பழம் ஆணோ பெண்ணோ என்று நாம் வினவுவதில்லை. இந்தியிலோ அஃறிணைக்கு இடமில்லை. எப்பெயரும் ஆண்பாலாதல் வேண்டும், அன்றிப் பெண்பாலாதல் வேண்டும். ஆகாரத்தில் முடிவன ஆண்பால், ஈகாரத்தில் முடிவன பெண்பால் என்பது தொடக்கத்தில் யாவரும் கற்கும் விதி. அதனை நம்பி யாம் பரீக்ஷாவை ஆணென்றும் பானீயைப் பெண்ணென்றும் எழுதினோம், இரண்டும் பிழை.

கேலா, ஹல்தீ இரண்டும் விதிப்படியே முறையே ஆணும் பெண்ணுமாம். பரீக்ஷா பெண்பாலாவது ஏன்? அது வடமொழியில் ஆகார ஈற்றுப் பெண்பாற் சொல். அவ்வாறே இந்தியிலும் நின்றது. இத்தகைய சொற்களைக் கண்டுகொள்ளத் தமிழரிடம் ஓர் உரைகல் உண்டு. வடமொழி ஆகார ஈற்றுப் பெண்பாற் சொற்கள் தமிழில் ஐகாரம் பெறும்: பரீக்ஷா பரீட்சையாயிற்று, பாஷா பாஷையாயிற்று, கதா கதையாயிற்று, யாத்ரா யாத்திரையாயிற்று. ஆகவே ஆகாரத்தில் முடியும் இந்திச் சொல்லொன்று தமிழில் ஐகாரத்தோடு வழங்குமாயின், அது பெண்பாலென்று பெரும்பாலும் துணியலாம். தேவதா மட்டும் நம்மை ஏமாற்றும். தமிழில் தேவதை எனினும், இந்தியில் அஃது ஆண்பாலே.

பானீ ஆண்பாலாவது ஏன்? வடமொழியில் ஆண், பெண், அலி என மூன்று பால் உண்டு. மராத்தியும் குஜராத்தியும் மூன்றாவதனை இன்றும் காக்கின்றன. இந்தியோ அதனை இழந்தது. இழந்தபோது அப்பாற் சொற்களிற் பெரும்பாலன ஆண்பாலிற் சேர்ந்தன. பானீ என்பது 'பானீய' என்னும் அலிப்பாற் சொல்லின் வழிவந்தது. நெய்யைக் குறிக்கும் கீ, தயிரைக் குறிக்கும் தஹீ, முத்தைக் குறிக்கும் மோதீ ஆகிய மூன்றும் அத்தகையனவே. ஈற்றிலுள்ள ஈகாரம் ஒலி தேய்ந்து வந்ததேயன்றிப் பெண்பால் காட்ட வந்ததன்று. ஆதலின் சிறுவாணித் தண்ணீரைப் புகழ்வார் 'ஸிருவாணீ கா பானீ மீட்டா ஹை' என்பர். 'கீ' என்றோ 'மீட்டீ' என்றோ கூறார்.

இதே வழியில் நோக்கின், தமிழில் அம் ஈறு பெற்ற வடசொற்கள் இந்தியில் ஆண்பாலாக நிற்கும் என எதிர்பார்க்கலாம். தேசம், நகரம், பலம் முதலியவற்றில் அஃது ஒக்கும். ஆனால் புஸ்தகம் ஒவ்வாது. 'புஸ்தக்' இந்தியிற் பெண்பால். அதே பொருளில் பெருவழக்காயிருந்த 'கிதாப்' என்னும் அரபுச் சொல் பெண்பாலாதலின், அதன் சார்பால் இதுவும் அவ்வாறாயிற்று என்பர். விஜயமும் 'விஜய்' எனப் பெண்பாலாகும். இவ்விடங்களில் மட்டும் மனப்பாடமே துணை.

இரண்டாம் வினா. தமிழின் ஆறாம் வேற்றுமைக்கு நேரானது கா, கே, கீ என்பது. இதில் நாம் வழுவுவது ஏனெனில், உடையவனை நோக்கி உருபைத் தெரிகின்றோம். இந்தியோ உடைமையை நோக்கித் தெரிகின்றது. ஈரோட்டின் பால் யாதாயினும் ஆகுக. பின்வருவது ஹல்தீ என்னும் பெண்பாற் சொல்லாதலின் 'ஈரோட் கீ ஹல்தீ' என்பதே சரி. வினையும் 'பிக்தீ' எனப் பெண்பாலாய் நின்று இதனை உறுதிசெய்கின்றது.

முதற் கோடிட்ட இடம் நுண்ணியது. பாஜார் ஆண்பால், ஒருமை. எனவே 'கா' என்று எழுதினோம். சிவப்புக் கோடு விழுந்தது. சரியான விடை 'கே'. பாஜார் என்பதன் பின் 'மேன்' என்னும் உருபு நிற்கின்றது. உருபேற்கும் பெயர் இந்தியில் தன் வடிவு திரியும். பாஜார் மெய்யீற்றதாதலின் அதன் திரிபு வெளிப்படவில்லை. எனினும் முன்னின்ற 'கா' அத்திரிபைத் தான் ஏற்று 'கே' ஆயிற்று. மறைந்து நின்ற மாற்றத்தை அயலே நின்ற சொல் காட்டிக் கொடுக்கின்றது. ஆகவே கா எழுதுமுன் உடைமைப் பெயரைப் பார்ப்பதோடு அமையாது, அதற்கப்பாலும் ஓர் உருபு உளதோ என நோக்குதல் வேண்டும். பெண்பாலுக்கு இத்தொல்லை இல்லை; 'கீ' எங்கும் கீயே.

மூன்றாம் வினா அத்திரிபை வெளிப்படக் காட்டுவது. 'கேலா கா பாவ்' என்பது பிழை. 'கேலே கா பாவ்' என்க. தமிழர்க்கு இது புதிதன்று. மரம் என்பதனோடு ஐ சேருங்கால் 'மரமை' என்கின்றோமா? அத்துச் சாரியை இடைவர, மரத்தை என்கின்றோம். வீடு வீட்டை என இரட்டிக்கின்றது. நான் 'என்' எனக் குறுகி என்னை ஆகின்றது. இந்தியிலும் 'மைன்' என்பது 'முஜ்' எனத் திரிந்தே 'கோ' ஏற்கும். இரு மொழியும் உருபைப் பெயரின் பின்னரே வைப்பன. இரண்டிலும் அவ்வுருபைத் தாங்கப் பெயர் சற்றே வளைகின்றது. வேறுபாடு எங்கெனின், இந்தியில் எது வளையும் என்பதைப் பாலே முடிவு செய்கின்றது. ஆகார ஈற்று ஆண்பால் வளையும். பெண்பாலான பரீக்ஷா ஒருமையில் வளையாது, 'பரீக்ஷா மேன்' என்றே நிற்கும். ஆதலின் முதல் வினாவில் பிழைத்தவன் மூன்றாவதிலும் பிழைப்பான். ராஜா, பிதா போன்ற சில ஆண்பாற் சொற்களும் வளையாமல் நிற்பது விதிவிலக்கு.

நான்காம் வினாவில் 'மோஹன் கோ பூச்சோ' என எழுதினோம். மோகனைக் கேள் என்பது நம் வழக்காதலின், இரண்டாம் வேற்றுமைக்கு நேராகக் கோ இட்டோம். விடை 'ஸே'. ஸே என்பது தமிழின் ஆல், ஓடு, இன் என்னும் மூன்றின் தொழிலையும் தான் ஒன்றே சுமப்பது: கத்தியால் அறுத்தலும், ஈரோட்டினின்று வருதலும், ஒருவரோடு உரையாடலும் அதன்கண் அடங்கும். வினவலையும் சொல்லலையும் சந்தித்தலையும் ஒருவரோடு நிகழும் செயல்களாக இந்தி கொள்கின்றது. மோகனோடு பேசு என்பதை நினைவிற் கொள்வோர் இங்கே வழுவார். கொடுத்தற்கோ 'மோஹன் கோ' என்பதே வரும். அது நம் 'மோகனுக்கு' என்பதனோடு ஒத்தது.

ஐந்தாம் வினாவே எம்மை மிகவும் மருட்டியது. சீதை பெண், எனவே 'ஸீதா நே ஆம் காயீ' என்றெழுதினோம். சரியானது 'காயா'. உண்டவள் பெண்ணாயிருக்க, வினை ஆண்பாலாவது எங்ஙனம்? இவ்விறந்தகால வினை, வடமொழியின் செயப்பாட்டுப் பொருளுள்ள எச்ச வடிவினின்று வந்தது. 'சீதையால் மாம்பழம் உண்ணப்பட்டது' எனத் தமிழில் மாற்றிப் பாருங்கள். உண்ணப்பட்டது என்பது சீதையோடு இயையவில்லை, மாம்பழத்தோடு இயைந்தது. ஆம் ஆண்பாலாதலின் காயா. ரொட்டியாயின், ரோடீ பெண்பாலாதலின், 'காயீ'.

அடுத்த தொடரில் 'ஸீதா நே மாலா கோ தேகா' என்பது விடை. இங்கே இருவரும் பெண்டிர். மாலா என்பது ஈண்டு ஒரு பெண்ணின் பெயர். இருந்தும் வினை ஆண்பால் ஒருமையில் நிற்கின்றது. ஏன்? ஸீதாவை 'நே' பற்றிக்கொண்டது. மாலாவை 'கோ' பற்றிக்கொண்டது. உருபேற்ற பெயரோடு வினை இயையாது என்பதே அடிப்படை. இயைதற்கு ஒரு பெயரும் எஞ்சாதபோது, வினை தன் இயல்பு வடிவான ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும். 'எழுவாய்க்கு உருபில்லை' என்று நாம் இலக்கண வகுப்பிற் பயின்றதன் மறுபக்கமே இஃது. தமிழிலும் 'சீதைக்குப் பசி எடுத்தது' என்கின்றோம், எடுத்தாள் என்பதில்லை. இந்தியிலும் 'ஸீதா கோ பூக் லகீ' என்னுமிடத்து, வினை பெண்பாலாவது சீதையாலன்று. 'பூக்' என்னும் பசி பெண்பாலாதலாலாகும்.

நே எங்கும் வரும் என்று கொள்ளற்க. செயப்படுபொருள் குன்றாவினையின் முற்றிய செயலில் மட்டுமே அது வரும். அங்கும் 'லானா' என்னும் கொணர்தல் வினை விலக்கு. 'ஸீதா ஆம் லாயீ' என்பதே வழக்கு. எடுத்து வருதல் என்னும் இரு வினை ஒட்டி ஒன்றானது லானா. இறுதியில் நிற்கும் 'வருதல்' செயப்படுபொருள் வேண்டாதது. அதனால் நேயும் வேண்டாதாயிற்று.

இவ்வாறு எழுதி முடித்து நோக்கினால், நான்காம் வினாவின் பிழை நீங்கலாக ஏனைய மூன்றும் இரண்டு வினாக்களுள் அடங்கின: இப்பெயர் எப்பால்? இதன்பின் உருபு உளதா? விடை எழுதுமுன் இவ்விரண்டையும் பெயர்தோறும் கேட்டுக்கொள்பவன், தன் பிழையைத் திருத்துவோர் காணுமுன் தானே காண்பான். 'தமிழ் பயில்வோனுக்கு இந்தி எற்றுக்கு?' என்று எம்மை வினவிய தோழர் ஒருவர் உளர். அவருக்கு யாம் கூறியது இதுவே: மரம் மரத்தை ஆவதை இதற்குமுன் யாம் சொல்லி வந்தோமேயன்றி, நின்று பார்த்ததில்லை.